சைட் இன்ஜினியரா, சுண்ணாம்புக் காரை தெரிந்தவரா? ரெஸ்யூமேயின் முதல் நான்கு வரி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவில் முடித்துவிட்டுக் கட்டட வேலையில் இருப்பவர்களின் ரெஸ்யூமேயைத் திருத்தும்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "பழைய வீட்டு வேலை தெரியும்னு போடவா, எல்லா சிவில் வேலையும் தெரியும்னு போடவா?" வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக வருவதில்லை. இங்கே ஒரே ஆள் காலையில் காரைக்குடியில் புது வீட்டுக்குக் காங்கிரீட் தூண் போடுவதைப் பார்த்துவிட்டு, மதியம் கானாடுகாத்தானில் நூறு வருஷத்துச் சுவரில் சுண்ணாம்புக் காரை பூசுவதைப் பார்க்கப் போகிறார். இரண்டும் அவர் செய்த வேலை, இரண்டும் உண்மை. நான்கு வரிக்குள் எதை முன்னால் வைப்பது என்பதில்தான் திண்டாட்டம்.

அந்த நான்கு வரி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ரெஸ்யூமேயின் தலைப்பில் பெயர், போன் நம்பருக்குக் கீழே வரும் 'புரொஃபஷனல் சம்மரி' ஆங்கிலத்தில் ஐம்பது, அறுபது சொல்லுக்கு மேல் போகக்கூடாது. வாசிப்பவர் அதை உங்கள் வரலாறாக வாசிப்பதில்லை. கையில் ஒரு காலி இடம் இருக்கிறது, அதற்கு இந்த ஆள் பொருந்துவாரா, மேற்கொண்டு படிக்கலாமா என்று முடிவெடுக்க வாசிக்கிறார். இரண்டு விதமாகவும் படிக்கும்படி எழுதினால் அவர் எந்த அடுக்கிலும் வைக்காமல் ஒதுக்கிவிடுவார். "புதிய கட்டுமானம், புனரமைப்பு, எஸ்டிமேட், இன்டீரியர், சர்வே அனைத்திலும் அனுபவம்" என்ற வரி எங்களிடம் வரும் ரெஸ்யூமேக்களில் பாதிக்கு மேல் இருக்கிறது. அந்த வரியில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் அதைப் படித்தவருக்கு இந்த ஆளை நாளைக்கு எந்த சைட்டில் நிறுத்தலாம் என்று தெரியாது.

ஸ்பெஷலிஸ்ட், ஜெனரலிஸ்ட் என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்துக்கொண்டு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. குறுகுவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, செய்யும் வேலையில் குறுகுவது: சுண்ணாம்புக் காரை, கூரைப் பழுது, ஈரம் ஏறிய சுவர் என்று ஒரு குறிப்பிட்ட வேலையை ஆழமாகத் தெரிந்திருப்பது. மற்றது, எந்தக் கட்டடம் என்பதில் குறுகுவது: செட்டிநாட்டுப் பழைய வீடு என்ற ஒரே வகைக் கட்டடத்தில் எஸ்டிமேட், ஆள் பிடிப்பது, பொருள் வாங்குவது, பில் போடுவது, ஓனரிடம் கணக்கு ஒப்பிப்பது என்று எல்லா வேலையும் தெரிந்திருப்பது. இரண்டாமவர் வேலையில் ஜெனரலிஸ்ட், கட்டடத்தில் ஸ்பெஷலிஸ்ட். இந்த இரண்டாம் வகையில் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் தாங்கள் அந்த வகை என்று தெரியாமலேயே "எல்லா சிவில் வேலையும்" என்று எழுதிவிடுகிறார்கள்.

அதனால் நாங்கள் வைக்கும் விதி இதுதான்: சம்மரி ஒரு பக்கம் குறுகியே ஆக வேண்டும், மறுபக்கம் விரியலாம். இரண்டு பக்கமும் விரிந்தால் ஆள் யாரென்றே தெரியாது. இரண்டு பக்கமும் குறுகினால், உதாரணமாக "செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் வளவுத் தூண்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு மட்டும்" என்றால், அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறவர் வருஷத்துக்கு ஒருவர்கூட இருக்கமாட்டார். எந்தப் பக்கம் குறுகுவது என்பதை அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நமக்கு எது பெருமையாகத் தோன்றுகிறது என்பது அங்கே கணக்கில்லை.

சொல்லிவிட்டுப் போனால் விளங்காது. ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். சிவில் டிப்ளமோ, மொத்தம் 8 வருஷ அனுபவம். முதல் 3 வருஷம் காரைக்குடி, தேவகோட்டையில் புது வீடுகள் கட்டும் ஒப்பந்ததாரரிடம் சைட் சூப்பர்வைசர். அடுத்த 5 வருஷம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் சைட் இன்ஜினியர். இந்த 5 வருஷத்தில் நான்கு வீடுகள். இரண்டு வீடு முழுசாகத் தங்கும் விடுதியாக மாறியவை, ஒன்றில் கூரை மட்டும், இன்னொன்றில் முகப்பும் பட்டாலையும் பூச்சும் தரையும். விடுதியான வீடுகளில் ஒன்றுக்குப் பின்கட்டில் புதிதாகக் குளியலறைத் தொகுதி ஒன்றும் ஆர்சிசியில் கட்டியிருக்கிறார். இந்தக் கடைசி விஷயத்தை அவர் ரெஸ்யூமேயில் போடவே இல்லை, "அது சின்ன வேலை" என்று விட்டுவிட்டார். பிறகு அதுதான் உதவப்போகிறது.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் சைட் சைட்டாக எழுத வேண்டும். ஒவ்வொரு சைட்டுக்கும் மூன்று பத்தி. முதல் பத்தியில் நானே முடிவெடுத்தது. இரண்டாம் பத்தியில் மற்றவர் எடுத்த முடிவை நான் செய்து முடித்தது. மூன்றாம் பத்தியில் பக்கத்தில் நின்று பார்த்தது. எத்தனை வருஷம் என்பதைவிட இந்த மூன்று பத்தியைப் பிரிப்பதுதான் முக்கியம். முதல் பத்தியில் எது வருகிறதோ அதில் மட்டும்தான் ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் பத்தி ஜெனரலிஸ்ட்டின் சொத்து. மூன்றாம் பத்தி சம்மரிக்குள் நுழையவே கூடாது.

நம் ஆளுக்கு இதைப் பிரித்துப் பார்த்தால் இப்படி வருகிறது. ஒரு வீட்டின் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. முன்பு யாரோ அந்த இடத்தைச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார்கள். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை வெளியே விடாததால் அது உள்ளேயே மேலேறி, சிமெண்டு முடியும் இடத்துக்கு மேலே வந்து வெளிப்பட்டது. இதைக் கண்டுபிடித்து, சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பில் மறுபடி பூசலாம் என்று சொன்னது இவர்தான். இது முதல் பத்தி. காரைக்கு எந்தக் கலவை, கடுக்காய் எவ்வளவு, சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப்போட வேண்டும் என்பதை முடிவு செய்தது கொத்தனார், இவர் அதன்படி வேலை நடக்கிறதா என்று பார்த்தார். இது இரண்டாம் பத்தி. மெட்ராஸ் டெரஸ் கூரையில் எந்தத் தேக்கு உத்திரம் மாற்ற வேண்டும், எது அப்படியே இருக்கலாம் என்பதை ஆசாரியுடன் சேர்ந்து சோதித்து முடிவெடுத்தார். இது முதல் பத்திக்குள் வரும், ஆனால் 'ஆசாரியுடன் சேர்ந்து' என்ற உண்மையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கதவு நிலைகளின் மரச்சிற்பத்தைச் சுத்தம் செய்தது மூன்றாம் பத்தி. ஆத்தங்குடிக் கல் ஆர்டர் போட்டது, பழைய கல்லைப் பெயர்த்து எண் போட்டு மறுபடி பதித்தது இரண்டாம் பத்தி.

இதைச் செய்துமுடித்தபோது ஒன்று வெளிச்சமாகியது. அவர் முதலில் எழுதியிருந்த வரி 'ஹெரிடேஜ் ரெஸ்டோரேஷன் எக்ஸ்பர்ட்'. முதல் பத்தியில் உண்மையில் வந்தது ஈரச் சுவரும் கூரையும்தான். 'எக்ஸ்பர்ட்' என்ற சொல் மரம், சிற்பம், வண்ணம் எல்லாவற்றையும் சேர்த்து வாக்குறுதி கொடுத்துவிடுகிறது. நேர்முகத்தில் மரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் அத்தனையும் சாய்ந்துபோகும். 'ஈரம் ஏறிய சுவரும் மெட்ராஸ் டெரஸ் கூரையும்' என்று எழுதினால் கேள்வியும் அங்கேயே வரும், பதிலும் அங்கேயே இருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சட்டப் பிரச்சினை. சிலர் 'கன்சர்வேஷன் ஆர்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் ஆர்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்கிடெக்சரில் பதிவு செய்தவர் தவிர யாரும் 'ஆர்கிடெக்ட்' என்ற பட்டத்தையும் பாணியையும் பயன்படுத்தக் கூடாது. சிவில் டிப்ளமோவோ பி.இ. சிவிலோ படித்தவர் பழைய வீட்டில் பத்து வருஷம் வேலை பார்த்திருந்தாலும் அந்தச் சொல் அவருக்கு இல்லை. 'சைட் இன்ஜினியர், பழைய கட்டடப் பழுதுநீக்கம்' என்பதே போதும். ஆர்கிடெக்ட் அலுவலகத்தில் இருப்பவர் கண்ணில் அந்தத் தவறு முதலில் படும், அதோடு வாசிப்பும் நின்றுவிடும்.

இப்போது காலி இடங்களுக்கு வருவோம். இவருக்கு மூன்று வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மதுரையிலோ சென்னையிலோ பழைய கட்டடங்களைப் புனரமைக்கும் ஒரு ஆலோசனை அலுவலகம், அவர்களுக்கு சைட்டில் நிற்க ஆள் வேண்டும். இரண்டாவது, சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் பில்டர். மூன்றாவது, நம் ஊரிலேயே ஒரு பழைய வீட்டை விடுதியாக்க நினைக்கும் குடும்பம், பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள், அவர்கள் சார்பில் முழுப் பொறுப்பும் ஏற்க ஒரு ஆள் வேண்டும்.

முதல் இடம் கேட்பது வேலையில் குறுகியவரை. அங்கே ஏற்கெனவே ஆர்கிடெக்ட் இருக்கிறார், கணக்குப் பார்ப்பவர் இருக்கிறார், வரைபடம் போடுபவர் இருக்கிறார். சுண்ணாம்பு வேலை தப்பாகப் போகும்போது அது தப்பு என்று அன்றைக்கே கண்டுபிடிக்கிற கண்தான் அவர்களிடம் இல்லை. எஸ்டிமேட், பர்சேஸ், லேபர் என்று அடுக்கினால் அவர்களுக்கு அது தேவையில்லாத சரக்கு. ரெஸ்யூமே ஆங்கிலத்தில் போகும் என்றாலும் வரிகளின் வரிசை இதுதான்:

"பழைய சுண்ணாம்புக் கட்டடங்களின் பழுதுநீக்கத்தில் 5 ஆண்டு அனுபவமுள்ள சைட் இன்ஜினியர். செட்டிநாட்டில் நான்கு பழைய வீடுகளில் ஈரம் ஏறிய சுவரின் காரணம் கண்டறிதல், சிமெண்டுப் பூச்சை அகற்றிச் சுண்ணாம்பில் மறுபூச்சு, மெட்ராஸ் டெரஸ் கூரைப் பழுது ஆகியவற்றை சைட்டில் நின்று நடத்தியவர். பழுதுக்கு முன்னும் பின்னும் அளவும் புகைப்படமும் பதிவு செய்தவர். அதற்கு முன் 3 ஆண்டு ஆர்சிசி வீட்டுக் கட்டுமானம், சிவில் டிப்ளமோ."

இதில் 'ஹெரிடேஜ்' என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சோதிக்க முடியாது. 'சிமெண்டுப் பூச்சை அகற்றி' என்ற மூன்று சொல்லைப் பார்த்ததும், விஷயம் தெரிந்தவருக்கு இந்த ஆள் எதைக் கண்டு கற்றார் என்று புரிந்துவிடும். புகைப்படப் பதிவு பற்றிய வரியையும் வேண்டுமென்றுதான் வைத்திருக்கிறோம். பழைய கட்டடத்தில் கைவைப்பதற்கு முன்னால் இருந்த நிலையைப் பதிவு செய்வது இந்தத் துறையில் அடிப்படை ஒழுங்கு, பொதுவான சைட்டில் அதை யாரும் கேட்பதில்லை. அதனால் அந்த ஒரு வரி உள்ளே இருந்தவரையும் வெளியே இருந்தவரையும் பிரித்துக் காட்டும்.

இப்படிக் குறுகிவிட்டால் நேர்முகத்தில் கேள்வியும் குறுகி, ஆழமாக வரும். பூச்சை ஏன் ஒரே கனமாகப் பூசாமல் மெல்லிய அடுக்குகளாகப் பூசுகிறோம், சுவர் காய்ந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்தீர்கள், பூசியபின் வெயில் நேரே படாமல் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல மெல்ல வாங்கித்தான் இறுகுகிறது, சீக்கிரம் காய்ந்தால் இறுகுவதற்கு முன்பே வெடிப்பு விழும் என்று காரணத்தோடு சொல்ல முடியாதவர் இந்தச் சம்மரியை அனுப்பவே வேண்டாம். 'கொத்தனார் அப்படித்தான் செய்வார்' என்ற பதில் வந்த நிமிஷத்தில் அது இரண்டாம் பத்தி வேலை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது இடமான பில்டரிடம் நிலைமை தலைகீழ். அவர் கேட்பதை ஜெனரலிஸ்ட் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் அங்கே தவறு செய்கிறார்கள். அவருக்கு ஆர்சிசி அடுக்குமாடியில் குறுகியவர் வேண்டும். கம்பி அட்டவணை, ஷட்டரிங், காங்கிரீட் போட்ட பின் 7 நாள், 28 நாள் கியூப் டெஸ்ட், அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரர் பில் என்று வரிசையாக அந்த வேலைகளைப் பார்த்தவர் வேண்டும். சுண்ணாம்பை முதல் வரியில் பார்த்தால் அவர் மனத்தில் ஒரே கேள்வி எழும்: '5 வருஷமாகக் காங்கிரீட் பக்கம் போகாதவரா?' அந்தக் கேள்வியை ரெஸ்யூமே தானாகவே கேட்டுத் தானாகவே பதில் சொல்லிவிட வேண்டும். பின்கட்டுக் குளியலறைத் தொகுதி இங்கேதான் வந்து உட்காருகிறது:

"8 ஆண்டு அனுபவமுள்ள சைட் இன்ஜினியர், ஆர்சிசி வீட்டுக் கட்டுமானத்தில் அடித்தளம் முதல் ஃபினிஷிங் வரை. கம்பி அட்டவணை சரிபார்ப்பு, கியூப் டெஸ்ட் பதிவு, அளவுப் புத்தகம், துணை ஒப்பந்ததாரர் பில் ஆகியவை நேரடிப் பொறுப்பு. சமீபத்தில் பழைய வீடுகளை விடுதியாக்கும் திட்டங்களில், புதிய ஆர்சிசி குளியலறைத் தொகுதியும் கழிவுநீர்க் குழாய் வேலையும் உட்பட, சைட் நடத்தியவர்."

இதை வாசித்த பில்டர் பழைய வீட்டு வேலையைக் குறையாகப் பார்க்கமாட்டார். எட்டு வருஷத்தில் இடைவெளியே இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: 'நேரடிப் பொறுப்பு' என்று எழுதிய நான்கும் அந்த முதல் 3 வருஷத்தில் உண்மையாகவே அவர் கையில் இருந்திருக்க வேண்டும். அப்போது அவர் சூப்பர்வைசர்தானே, பில் சரிபார்த்தது மேலே இருந்த இன்ஜினியர் என்றால் 'பில்' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். மூன்று பத்தித் தாளைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் இடம் இதுதான். எங்களுக்குத் தெரிந்தவரை, சம்மரியில் வெளிப்படும் பொய்களில் பெரும்பாலானவை வேண்டுமென்று சொன்னவை அல்ல. இன்னொருவர் ரெஸ்யூமேயிலிருந்து வரியைக் காப்பி அடிக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தவை.

மூன்றாவது இடம்தான் நம் ஊருக்கே உரியது. வீடு பல பங்குகளாக இருக்கும், ஒரு உத்திரம் மாற்ற நான்கு பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும், பணம் தவணை தவணையாக வரும், ஒவ்வொரு தவணைக்கும் போட்டோவோடு கணக்கு அனுப்ப வேண்டும். ஆத்தங்குடிக் கல் கையால் செய்வது, தண்ணீர்த்தொட்டியில் ஊறிக் காய்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். மழைக்கு முன் கூரையை மூடிவிட வேண்டும். இவர்களுக்குச் சுண்ணாம்பின் ரசாயனம் தெரிந்தவர் தேவையில்லை. பழைய வீடு என்றால் என்ன என்று தெரிந்து, எல்லா வேலையையும் ஒரே ஆளாக இழுத்துக்கொண்டு போகிறவர் தேவை. கட்டடத்தில் குறுகி வேலையில் விரிந்தவர்:

"செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் பழுதுநீக்கத்தையும் விடுதியாக மாற்றும் வேலையையும் தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை நடத்தியவர், நான்கு வீடுகள், 5 ஆண்டு. எஸ்டிமேட், கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீசியன் குழுக்களை ஒருங்கிணைத்தல், ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்பு, தேக்கு வாங்குதல், மாதாந்திரக் கணக்கறிக்கை. சுவர், கூரை, தரை ஆகியவற்றில் எதைக் காக்கலாம், எதை மாற்ற வேண்டும் என்று முதல் ஆய்விலேயே பிரித்துச் சொல்பவர்."

முதல் சம்மரியில் இருந்த ஈரச்சுவர் இங்கே கடைசி வரிக்குள் கரைந்துவிட்டது. ஓனர் குடும்பத்துக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆனால் 'எதைக் காக்கலாம், எதை மாற்ற வேண்டும்' என்ற வரியில் அவர்களுடைய பணமும் தாத்தா கட்டிய வீடும் இரண்டும் இருக்கின்றன. இந்த மூன்றாவது ரகத்தை ஜெனரலிஸ்ட் சம்மரி என்று கூப்பிட்டாலும், 'செட்டிநாட்டுப் பழைய வீடு' என்ற வேலி இல்லாவிட்டால் அது அந்தப் பழைய 'எல்லா சிவில் வேலையும்' வரியாகச் சுருங்கிவிடும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புதுச் சொல்லும் கண்டுபிடிக்கவில்லை என்பது தெரியும். தாளில் இருந்ததைத்தான் வேறு வேறு வரிசையில் எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு சம்மரிக்கும் கீழே அனுபவப் பகுதியில் சைட்டுகளின் வரிசை மாறாது, தேதிகள் மாறாது, பதவிப் பெயர் மாறாது. மாறுவது ஒவ்வொரு சைட்டுக்கும் கீழே முதலில் வரும் ஒரு குறிப்பு மட்டும். சம்மரியில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அனுபவப் பகுதியில் விரல் வைத்துக் காட்ட ஒரு வரி இருக்கிறதா என்று பென்சிலால் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கோடு போக இடமில்லாத சொல் எதுவானாலும் அது சம்மரியில் இருக்கக் கூடாது.

எந்தப் பக்கம் குறுகுவது என்று விளம்பரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழியும் எளிது. 'இன்னாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும்', 'குழுவில் ஒருவராக' என்று இருந்தால், மற்ற வேலைகளுக்கு ஆள் இருக்கிறது என்று பொருள், வேலையில் குறுகுங்கள். 'தனியாகப் பொறுப்பேற்க', 'ஓனருக்கு நேரடியாக' என்று இருந்தால் விரியுங்கள், ஆனால் கட்டட வகையை விடாதீர்கள். விளம்பரத்தில் பொறுப்புகள் என்று பதினைந்து வரி அடுக்கியிருந்தாலும் முதல் நான்கைந்தைத்தான் பார்க்க வேண்டும். கீழே இருப்பவை பெரும்பாலும் எல்லா விளம்பரத்திலும் ஒட்டுகிற வரிகள்.

குறுகுவதற்கு ஒரு விலை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பழைய கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்கள் குறைவு, அவற்றில் பல வேலைத் தளங்களில் விளம்பரமாகவே வராது, தெரிந்தவர் மூலம்தான் நகரும். அதனால் குறுகிய சம்மரியை வேலைத் தளத்தில் ஏற்றிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, அந்த அலுவலகங்களுக்கு நேரே மெயில் போடுவதற்குத்தான் அது. வேலைத் தளங்களில் தேடுகிறவர்கள் பதவிப் பெயரைத் தட்டித்தான் தேடுவார்கள். அங்கே முதல் சொல் 'சைட் இன்ஜினியர்' என்றே இருக்கட்டும். 'சுண்ணாம்புக் காரை வல்லுநர்' என்று தொடங்கினால் அந்தப் பெயரில் யாரும் தேடப்போவதில்லை.

லிங்க்ட்இன்தான் இதில் சிக்கலான இடம். ரெஸ்யூமேயை மூன்று விதமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் புரொஃபைல் ஒன்றுதான், மூன்று பேரும் அதையே பார்ப்பார்கள். தலைப்பு வரிக்கு 220 எழுத்து வரை இடமுண்டு. அதில் பதவிப் பெயர் முதலில், கட்டட வகை இரண்டாவதாக, ஆழமான வேலை ஒன்றே ஒன்று மூன்றாவதாக வையுங்கள்: "சைட் இன்ஜினியர் | பழைய வீடுகள் பழுதுநீக்கமும் ஆர்சிசி கட்டுமானமும் | சுண்ணாம்புக் காரை". மூன்று சம்மரியில் எதை வாசித்துவிட்டு வந்தவரானாலும் இதில் முரண்பாடு காணமாட்டார். 'அபவுட்' பகுதியில் 2,600 எழுத்து வரை எழுதலாம் என்றாலும் முதல் சில வரிகள்தான் திறக்காமலே தெரியும். சிலர் அந்த இடத்தில் 'கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்' என்று செலவழித்துவிடுகிறார்கள். அந்த வரிகளில் நான்கு வீடும் வரட்டும், குளியலறைத் தொகுதியும் வரட்டும்.

படித்து முடித்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. முதல் பத்தியில் எழுத எதுவும் இருக்காது. படிப்பு, ஒரு புராஜெக்ட், தெரிந்த மென்பொருள் என்று இரண்டு வரி போதும். குறைந்தது இரண்டு சைட்டில் ஒரே வேலையைத் தானே முடிவெடுத்துச் செய்த பிறகுதான் குறுகுவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரே சைட் என்றால் அந்த வீட்டின் விசேஷத்தையே பொது விதி என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். இரண்டாவது வீட்டில் அதே ஈரம் வேறு காரணத்தால், மேலே ஓட்டுக்கூரையிலிருந்து வரும் தண்ணீர் விழும் இடம் சரியாக இல்லாததால் வந்திருக்கலாம்.

அனுப்பியபின் என்ன நடக்கிறது என்பதை வைத்துத் தவறு எங்கே என்று பிரித்துவிடலாம். அழைப்பே வராவிட்டால் பெரும்பாலும் பதவிப் பெயர் தேடலில் அகப்படவில்லை, முதல் மூன்று சொல்லை மாற்ற வேண்டும். அழைப்பு வருகிறது, ஆனால் வருவதெல்லாம் நீங்கள் விரும்பாத இடங்கள், இன்டீரியர்காரர்களும் சர்வே ஆட்களும் கூப்பிடுகிறார்கள் என்றால் இரண்டு பக்கமும் விரிந்திருக்கிறீர்கள், ஒரு வேலி போட வேண்டும். சரியான இடங்களே கூப்பிடுகின்றன, முதல் தொழில்நுட்பச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது என்றால் சம்மரி உங்கள் இரண்டாம் பத்தியை முதல் பத்தி என்று சொல்லியிருக்கிறது. அந்த வேலையை ஒரு படி இறக்கி, 'நடத்தியவர்' என்பதை 'மேற்பார்வையிட்டவர்' என்று மாற்றுங்கள். கடைசிச் சுற்றுவரை போய்ச் சம்பளப் பேச்சில் நின்றால் சம்மரியில் பிழையில்லை, அதைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு புது சைட் முடியும்போதும் மூன்று பத்தித் தாளில் ஒரு வரிசை சேர்த்துவிடுங்கள். முடித்த வாரத்திலேயே எழுத வேண்டும், ஆறு மாதம் கழித்தால் யார் எடுத்த முடிவு என்பது மறந்துபோய் எல்லாமே 'நான்' ஆகிவிடும். நம் ஆளுக்கு அடுத்த வீட்டில் காரைக் கலவையைக் கொத்தனாரோடு உட்கார்ந்து தானே சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அது இரண்டாம் பத்தியிலிருந்து முதலுக்கு ஏறும். அன்றைக்கு முதல் சம்மரியின் இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சொல் கூடும். மற்ற இரண்டு சம்மரியிலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.